எட்டு வரிக் குதிரை

லோவெல் தன் மனைவி சொன்னதாக ஒரு பக்கம் எழுதினான். அதில் ஒரு வார்த்தையைக்கூட அவள் சொல்லியிருக்கவில்லை. ஏமாற்றுகிறோம் என்ற எண்ணமே அவனுக்கு வரவில்லை. இருபத்தாறு வருஷமாகக் கூடவே இருப்பவளிடம் ஒரு கவிதையைக் கொடுத்தால் என்ன சொல்வாள் என்று தெரியாதா என்ன? அவளைத் தொந்தரவு செய்யாமல் தானே எழுதிவிட்டால் அவளுக்கும் நேரம் மிச்சம், தனக்கும் மிச்சம் என்று நினைத்தான்.

துணி உலர்த்தும் இயந்திரம் செய்கிற தொழிற்சாலை மூடியபோது லோவெல் ஹாஃப்மனுக்கு ஐம்பத்திரண்டு வயது. அங்கே அவன் வேலை கதவுகளைச் சோதிப்பது. இயந்திரத்தின் வட்டக் கதவு சட்டத்தில் சரியாக உட்கார்கிறதா என்று அளவுகோலை வைத்துப் பார்ப்பான். உட்கார்ந்தால் பச்சை ஸ்டிக்கர், உட்காராவிட்டால் சிவப்பு. இப்போது நெடுஞ்சாலை ஓரத்துச் சமுதாயக் கல்லூரியில் வீட்டு ஹீட்டர் பழுது பார்க்கப் படிக்கிறான். குழாயும் பர்னரும் படிக்க வந்தவன் ஆங்கில வகுப்பு ஒன்றையும் முடித்தாக வேண்டும் என்றார்கள். அப்படித்தான் அமெரிக்காவின் அயோவா மாநிலத்துப் பிப்ரவரிக் குளிரில், தன் மகள் டெஸ்ஸின் வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே, ஒரு குதிரைக் கவிதையை வைத்துக்கொண்டு உட்காரும்படி ஆயிற்று.

பாடம் நடத்திய டென்பிக்கு முப்பது வயது இருக்கும். வாரத்தில் மூன்று கல்லூரிகளுக்குக் காரில் ஓடுகிற தற்காலிக ஆசிரியர். கவிதையைத் தலைப்பும் பெயரும் இல்லாமல் தாளில் அடித்துக் கொடுத்தார்.

பனி பெய்யத் தொடங்கியதும்
கொட்டகைக் கதவைத் திறந்து வைத்தேன்.
குதிரை வெளியே போனது. தடங்கள்
வேலி வரை தெரிந்தன, பிறகு தெரியவில்லை.
வாளியில் தண்ணீர் நிரப்பி
வழக்கமான இடத்தில் வைத்தேன்.
காலையில் தண்ணீர் உறைந்திருந்தது.
கதவை நான் மூடவில்லை.

"இத எழுதினது யாரு, எதுக்கு எழுதினாங்கன்னு தேடாதீங்க. கிடைக்காது," என்றார் டென்பி. "இந்த அறையில எல்லாரும் ஒரே எட்டு வரியத்தான் படிச்சீங்க. ஆனா ஆளுக்கு ஒரு குதிரையப் பாத்திருப்பீங்க. அது எப்படி நடந்துச்சுங்கறதுதான் கட்டுரை. ரெண்டு பேர்கிட்ட குடுத்துப் படிக்கச் சொல்லுங்க. மூணாவது ஆளு நீங்களே. என்ன பாத்தாங்க, எந்த வரி அப்படிப் பாக்க வெச்சுது, அவங்க வாழ்க்கையிலேர்ந்து எது உள்ள வந்துச்சு, இந்த மூணையும் எழுதுங்க. கவிதை எங்க பேசாம இருக்குன்னு கவனிங்க. அந்த இடத்தத்தான் ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விதமா நிரப்புவாங்க."

லோவெல் கையைத் தூக்கினான். "தப்பான பதில்னு ஒண்ணு உண்டா, புரொஃபசர்?"

"நான் புரொஃபசரே இல்ல லோவெல், அந்தச் சம்பளம் எனக்கு வர்றதில்ல. தப்பு உண்டு. குதிரை பறந்து போச்சுன்னு சொன்னா அதத் தாங்க ஒரு வரியும் இல்ல. வரி தாங்கற வரைக்கும் அது அவங்க வாசிப்பு. இன்னொண்ணு, அவங்க பேசறப்ப நீங்க குறுக்க பேசக்கூடாது, திருத்தக்கூடாது. கேளுங்க, எழுதிக்கோங்க. அவ்வளவுதான்."

பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. லோவெலுக்கு அது கொஞ்சம் குழப்பமாகத்தான் இருந்தது. ஆனால் கவிதை அவனுக்குப் பிடித்துவிட்டது. முதல்முறை படித்ததுமே புரிந்தது. யாரோ ஒருத்தர் காத்திருக்கிறார். குதிரை ஒருநாள் திரும்பும் என்று தண்ணீர் வைக்கிறார், கதவைத் திறந்தே விடுகிறார். வீடு என்றால் அதுதானே.

அவனுக்கு அப்படித் தோன்றியதற்குக் காரணம் இருந்தது. இலையுதிர் காலத்திலிருந்தே அவன் மனைவி மார்லிஸ் வாரக் கடைசிகளில் அவள் அக்கா வீட்டுக்கு, வடக்கே ஏரிக்கரை ஊரான டுலூத்துக்குப் போய்வர ஆரம்பித்திருந்தாள். முதலில் மாதம் ஒருமுறை. பிறகு அடிக்கடி. இங்கே ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். "அங்கயும் ஒரு கிளினிக்ல ஏப்ரல்ல இடம் காலியாகுதாம்," என்று ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். "பாக்கலாம்," என்றான் லோவெல். எதைப் பார்க்கலாம் என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எழவில்லை. எழாமல் இருப்பதே நல்ல அறிகுறி என்று அவன் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தான். அவள் போய்விடக் கூடாது. அவனுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

முதல் வாசகன் வெர்ன். பெட்ரோல் பங்க்கில் காபியும் டோனட்டுமாகக் காலை நேரத்தை ஓட்டுகிற பழைய நண்பன், ஊருக்கு வெளியே பண்ணை வைத்திருக்கிறான். தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தான், தூர வைத்துப் படித்தான், பிறகு மேசையில் போட்டான்.

"யாருடா இந்த முட்டாள்? பனி கொட்டறப்ப எவனாவது கொட்டகையத் திறந்து விடுவானா? அப்புறம் ராத்திரி பூரா தண்ணிய வெளிய வெச்சா உறையாம என்ன பண்ணும்? வாளியே வெடிச்சிருக்கும்."

"அவன் ஏன் திறந்தான்னு நினைக்கற?" லோவெல் தாளில் எழுதியிருந்த கேள்வியை அப்படியே கேட்டான்.

"குடிச்சிருப்பான். எங்கப்பன் ஒரு தடவ அப்படித்தான் பண்ணாரு. மறுநாள் பூராவும் பெட்டைக் குதிரையத் தேடிட்டு அலைஞ்சேன், எனக்கு அப்ப பதினோரு வயசு. 'நான் திறக்கல, காத்துதான் திறந்துச்சு'ன்னு சாகறவரைக்கும் சாதிச்சாரு மனுஷன்." வெர்ன் காபியை ஒரு வாய் குடித்தான். "இவனாவது ஒத்துக்கறானே. 'திறந்து வைத்தேன்'னு போட்டிருக்கான் பாரு, ரெண்டாவது வரியிலயே."

"குதிரை கிடைச்சுதா?"

"கிடைக்காம? குதிரை கொட்டகைக்குத்தான்டா வரும். வேற எங்க போகும்? பக்கத்துப் பண்ணையில நல்ல வைக்கோல் இருந்தாலொழிய."

லோவெல் கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டு மற்றதை எழுதிக்கொண்டான்.

அன்று மத்தியானமே மார்லிஸின் பக்கத்தையும் தானாக எழுதி முடித்தான். மார்லிஸ் காத்திருக்கிற பெண்ணைப் பார்க்கிறாள். தண்ணீர் வாளிதான் அவளுக்குப் பிடித்த வரி. அவள் அம்மா குளிர்காலத்தில் வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் சூப் வைத்துக் காத்திருப்பாள், அந்த நினைவுதான் அவளுக்கு வந்தது. வசந்தத்தில் குதிரை திரும்பும் என்று அவள் நம்புகிறாள். எழுதி முடித்தபோது அவனுக்கு மனசு நிறைந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் ஒருவர் கட்டுரையை ஒருவர் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும். லோவெலுக்கு வாய்த்தவள் ட்ரினிட்டி. பத்தொன்பது வயது, பச்சைச் சாயம் பூசிய முடி, காலையில் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கிவிட்டு வருகிறவள். பேனாவைக் கடித்துக்கொண்டே முழுவதையும் படித்தாள்.

"மிஸ்டர் லோவெல், வெர்ன் சூப்பர். அந்த ஆள அப்படியே கண்ணு முன்னாடி பாக்கற மாதிரி இருக்கு."

"அவன்கிட்ட சொல்லிடாத. டோனட்டுக்குக் காசு கேப்பான்."

"ஆனா உங்க வைஃப்..." அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கோச்சுக்க மாட்டீங்களே? இவங்க உங்கள மாதிரியே பேசறாங்க."

"கல்யாணமானவங்க அப்படித்தான் ஆயிடுவாங்க."

"அதில்ல. வெர்ன் சொன்னதுல நீங்க நினைச்சே பாக்காதது இருக்கு. குடிகார அப்பா, வாளி வெடிக்கறது. இவங்க சொல்றதுல அப்படி எதுவுமே இல்ல. நீங்க எடுத்த அதே வரி. அதே முடிவு. 'குதிரை வசந்தத்தில் திரும்பும்'னு ரெண்டு பேருமே சொல்றீங்க." அவள் கவிதையின் மேல் விரலை ஓட்டினாள். "வசந்தம்னு இதுல எங்க இருக்கு?"

லோவெல் எட்டு வரியையும் பார்த்தான். இல்லை.

"கேக்கவே இல்லல்ல நீங்க?" என்றாள் ட்ரினிட்டி குரலைத் தாழ்த்தி. "எங்க அப்பாவும் இப்படித்தான். ஹோட்டல்ல எங்கம்மாவுக்கும் சேத்து அவரே ஆர்டர் பண்ணிடுவாரு. தப்பாத்தான் இருக்கும், அம்மா பேசாம சாப்பிட்டுடுவாங்க."

"உங்கம்மா இப்ப எங்க?"

"மிசூரியில. தனியா," என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வந்து, மாமிசக் கேசரோலை ஓவனில் வைத்துவிட்டு மார்லிஸ் காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சமையலறை மேசை முன் உட்கார்ந்தாள். வெளியே பனி பெய்யலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல ஒன்றிரண்டு துகள் மிதந்தன. லோவெல் தாளை அவள் முன்னால் வைத்தான்.

"காலேஜ்க்கு. நீ படிச்சிட்டு என்ன தோணுதோ சொல்லணும்."

"நானா?" மார்லிஸ் சிரித்தாள். "கவிதையா? உனக்கென்ன ஆச்சு, லோ? நாளைக்கு ஹீட்டருக்குப் பாட்டுப் பாடப் போறியா?"

"சும்மா படியேன்."

அவள் மூக்குக்கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் படித்தாள். கேசரோல் தளதளக்கும் சத்தம் கேட்டது. படித்து முடித்தும் தாளை வைக்கவில்லை. மறுபடி மேலிருந்து ஆரம்பித்தாள்.

"என்ன பாக்கற?" என்று கேட்டான். முதல் கேள்வி அது.

"குதிரைய."

"இல்ல, அந்த ஆள..."

சொல்ல ஆரம்பித்தவன் வாயை மூடிக்கொண்டான். குறுக்கே பேசக் கூடாது.

"எல்லாரும் கதவத் திறந்த ஆளத்தான் பாப்பாங்கன்னு நினைக்கறேன்," என்றாள் மார்லிஸ். "பேசறதும் அந்த ஆளுதானே. நான் திறந்தேன், நான் நிரப்பினேன், நான் வெச்சேன், நான் மூடல. சொல்லாத இடத்துலகூட எவ்வளவு 'நான்' பாரு. குதிரைக்கு ஒரே ஒரு இடம். 'குதிரை வெளியே போனது.' யாரும் அதத் துரத்தல. கட்டியும் வெக்கல. கதவு திறந்திருந்துச்சு, அது போச்சு."

லோவெல் எழுதினான்.

"எந்த வரி உன்ன அப்படிப் பாக்க வெச்சுது?"

"தண்ணி." அவள் விரல் நகத்தால் அந்த வரியைத் தட்டினாள். "வழக்கமான இடத்துல வெச்சாராம். குதிரை போய்க்கிட்டிருக்கு, தடம் மறையுது, இவர் வாளிய வழக்கமான இடத்துல வைக்கறாரு. கெட்ட மனுஷன் இல்ல. ஒருநாள்கூடத் தண்ணி வைக்க மறந்திருக்க மாட்டாரு. ஆனா அது உறைஞ்சிடும், லோ. அங்கயே இருக்கும், குடிக்க முடியாது."

லோவெலின் வாயில் பத்து வாக்கியம் வந்து நின்றது. தண்ணீர் வைத்தவன் மேல் என்ன தப்பு? உறைவது குளிரின் குற்றமில்லையா? குதிரை ஒரு வார்த்தை... குதிரை எப்படிப் பேசும்? அவன் மூன்றாவது கேள்வியைக் கேட்டான். அது மட்டும்தான் அவனுக்கு அனுமதிக்கப்பட்டிருந்தது.

"உன் வாழ்க்கையிலேர்ந்து... எது ஞாபகம் வந்துச்சு?"

மார்லிஸ் கண்ணாடியைக் கழற்றினாள். அவனை நேராகப் பார்த்தாள். கோபமே இல்லாத பார்வை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

"அதயும் எழுதணுமா?"

"எழுதணும்னு டென்பி சொன்னாரு."

"அப்ப எழுதிக்கோ. டெஸ் காலேஜுக்குப் போனதுக்கு அப்புறம் இந்த வீட்டுல என்கிட்ட யாரும் எதுவும் கேட்டதில்ல. காபி வேணுமா, பெட்ரோல் இருக்கா, அதெல்லாம் கேட்டே. வேற எதுவும் கேட்டதில்ல." அவள் யோசித்தாள். "இப்ப கேக்கற. இதுதான் முதல்."

"வெர்ன் சொல்றான், குதிரை எப்பவும் கொட்டகைக்கே திரும்பி வருமாம்." விதி மீறல்தான். அவனால் முடியவில்லை.

"வெர்ன் அவன் குதிரையப் பாத்திருக்கான்." மார்லிஸ் எழுந்து ஓவனைத் திறந்தாள். ஆவி அவள் முகத்தை மறைத்தது. "இதுல திரும்பி வர்றதா எங்க இருக்கு? காட்டு."

அவன் காட்டவில்லை. இருவரும் சாப்பிட்டார்கள். உப்பு கொஞ்சம் குறைவு என்று அவள் சொன்னாள், சரியாகத்தான் இருக்கிறது என்று அவன் சொன்னான். சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுக்கும்போது அவன் கேட்டான். "மார்ல், நீ சொன்னது கவிதையப் பத்தித்தானே?"

அவள் தட்டைத் தொட்டியில் வைத்தாள். "நீ கவிதையப் பத்தித்தானே கேட்டே?"

டென்பிக்கு அறை கிடையாது. மாணவர்களைக் கல்லூரி உணவகத்தில், குளிர்பான இயந்திரத்துக்குப் பக்கத்து மேசையில்தான் சந்திப்பார். லோவெல் புதிதாக எழுதிய பக்கத்தை அவர் படித்து முடிக்கும் வரை அந்த இயந்திரம் முனகிக்கொண்டே இருந்தது. கம்ப்ரெஸர் போகப்போகிறது என்று லோவெல் நினைத்தான். அதை அவனால் சரிசெய்ய முடியும்.

"லோவெல், இது..." டென்பி தலையைத் தூக்கினார். "இது ரொம்ப நல்லா வந்திருக்கு. நானே இந்தக் கவிதைய ஏழெட்டு தடவ நடத்தியிருக்கேன். அந்த 'நான்' எல்லாம் எனக்கே கண்ணுல பட்டதில்ல. ஒவ்வொண்ணுக்கும் வரி காட்டியிருக்கீங்க. வெர்னும் அருமை. 'திறந்து வைத்தேன்'ங்கறத அவர் ஒப்புதல் வாக்குமூலமா எடுத்துக்கறாரு, உங்க மனைவி அதே வார்த்தைய அதிகாரமாப் பாக்கறாங்க. ஒரே வரி, ரெண்டு மனுஷங்க. இதத்தான் நான் கேட்டேன்." அவர் தயங்கினார். "உங்க சொந்த வாசிப்புதான் கொஞ்சம் பலவீனமா இருக்கு. குதிரை திரும்பும்கறீங்க. எந்த வரி அதச் சொல்லுது?"

"கடைசி வரி. கதவ மூடல."

"அது அந்த ஆளோட நம்பிக்கை. இல்ல, அசதி. இல்ல, மறதி. குதிரையப் பத்தி அந்த வரி ஒண்ணும் சொல்லலயே."

"எழுதினவரு என்ன நினைச்சு எழுதினாரு?"

"லோவெல்..."

"எல்லாருக்கும் சொல்ல வேணாம். எனக்கு மட்டும் சொல்லுங்க. கட்டுரையில எழுத மாட்டேன்."

டென்பி கண்களைத் தேய்த்தார். "எனக்குத் தெரியாது. உண்மையாவே தெரியாது. முதல் வருஷம் நான் பாடம் எடுத்த அறையில, ஒரு மேசைக்குள்ள கிடந்த தாள் அது. பேரு இல்ல. யாரும் தேடி வரல. அதனாலதான் எடுத்துக்கிட்டேன், கேக்கறதுக்கு ஆளே இல்லாத கவிதைன்னு."

இயந்திரம் ஒருமுறை குலுங்கி நின்றது.

"அப்ப அவ சொன்னது..." என்றான். "ஒருத்தர் ஒரு கவிதைய இப்படிப் படிச்சா, அது அவங்க செய்யப்போறதா? இல்ல வெறும் படிச்சதா?"

"அது..." டென்பி அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்துகொண்டார். கையில் இருந்த பேனாவை மூடினார், திறந்தார். "ஒருத்தர் எப்படி வாசிச்சாங்கன்னு இந்தக் கட்டுரை சொல்லும். ஏன் அப்படி வாசிச்சாங்கன்னு ஓரளவுக்குச் சொல்லும். அதுக்கு மேல சொல்லாது, லோவெல். எனக்கும் தெரியல. மன்னிச்சிடுங்க."

"தொழிற்சாலையில நான் கதவப் பாத்தா சொல்லிடுவேன், புரொஃபசர். பாத்த மாத்திரத்துல."

"தெரியும்," என்றார் டென்பி, தெரியாமலேயே. பிறகு மெல்ல, "உங்களுக்கு வரி கிடைக்கலன்னா அதயே எழுதுங்க. கிடைக்காத இடத்துல ஏன் உங்க ஆசைய வெச்சீங்கன்னு எழுதுங்க," என்றார். அந்த யோசனை கட்டுரைக்கு நல்லதுதான் என்று லோவெலுக்குப் புரிந்தது.

அந்த வாரம் முழுவதும் அவன் மார்லிஸின் பக்கத்தைத் திருத்தித் திருத்தி எழுதினான். தன் வேலையை அரைகுறையாகச் செய்ய அவனுக்குத் தெரியாது. அவள் சொன்ன 'நான்'கள் ஒளிந்திருக்கும் இடங்களைக் கவிதையில் கோடிட்டான். பனி பெய்கிற நேரம் ஏன் முக்கியம் என்று யோசித்தான். நல்ல வெயில் நாளில் குதிரை மேயப் போகும், திரும்பும். பனியில் கதவு தாண்டுகிற குதிரை மேயப் போகவில்லை. இது மார்லிஸ் சொல்லாதது, ஆனால் அவள் வாசிப்புக்குப் பலம். எழுதினான். தடங்கள் வேலி வரை தெரிந்தன என்றால் அந்த ஆள் வேலி வரை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டதாக வரி இல்லை. அதையும் எழுதினான். ஒவ்வொரு சான்றாகக் கொண்டுவந்து வைக்க வைக்க அவள் பக்கம் இறுகி, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது. அளவுகோல் வைத்தால் முடி நுழையாது. தன் பக்கத்தில் மட்டும் காற்று புகுந்து புறப்பட்டது. பொய்யாக ஒரு வரியைச் சாட்சிக்கு இழுத்து அதை அடைத்துவிட மனசு துடித்தது. செய்யவில்லை. கடைசியில், 'இந்த வாசகனுக்கு வரி கிடைக்கவில்லை. அவன் குதிரையைக் கேட்கவில்லை. அதனால் அது திரும்பும் என்று வைத்துக்கொண்டான்,' என்று எழுதினான்.

வியாழக்கிழமை காலை, அச்சடித்த தாள்களை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். வந்து பார்த்தால் மார்லிஸ் கிளினிக் சீருடையில் நின்றபடியே படித்துக்கொண்டிருந்தாள். அவன் கதவுச் சட்டத்தில் சாய்ந்து காத்திருந்தான். துண்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"தரையெல்லாம் ஈரம்," என்றாள் தலையைத் தூக்காமல். பிறகு, "நான் சொன்னத அப்படியே எழுதியிருக்கே," என்றாள்.

"திருத்தக் கூடாதுன்னு ரூல்."

"பனி பத்தி, கூப்பிடாதது பத்தி. இது நான் சொல்லல."

"தப்பா?"

"இல்ல." அவள் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள், அங்கேயே நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவனுக்குள் ஏதோ ஒன்று எழுந்து நின்றது. ஒருவேளை, என்றது அது. "ரொம்ப சரியா எழுதியிருக்கே, லோ. நானே என்கிட்ட இவ்வளவு தெளிவாச் சொல்லிக்கிட்டதில்ல."

அவன் காத்திருந்தான்.

"இந்த ரெண்டு மாசமா நான் சும்மா முரண்டு பண்றேனோன்னு நினைச்சிட்டிருந்தேன். காரணமே இல்லாம." தாள்களை ஓரம் தட்டிச் சீராக்கி மேசையில் வைத்தாள். "இதப் படிச்சா காரணம் இருக்குன்னு தெரியுது."

"மார்ல், அது வெறும் கட்டுரை. அத வேற மாதிரியும் வாசிக்கலாம்."

"தெரியும்." அவன் ஈரக் கன்னத்தில் கையை வைத்தாள். "நான் இப்படித்தான் வாசிச்சேன்."

டுலூத்திலிருந்த கிளினிக்குக்கு அன்றே போன் செய்தாள். இடம் முன்னதாகவே காலியாகிவிட்டதாம், ஏப்ரல் வரை அவர்களால் காத்திருக்க முடியாது, மார்ச்சிலேயே வரச் சொன்னார்கள்.

அந்த இடைப்பட்ட நாட்களில் அவர்கள் சண்டை போடவில்லை. லோவெல் கேள்விகள் கேட்டான், தாமதமாக, நிறைய. உனக்கு அங்கே என்ன பிடிக்கும்? அங்கிருக்கிற பெரிய ஏரிதானா? அக்காவா? இங்கே எப்போது பிடிக்காமல் போயிற்று? எல்லாவற்றுக்கும் அவள் பதில் சொன்னாள். அவன் குறுக்கே பேசவில்லை, அதை இப்போது கற்றிருந்தான். அவள் சொல்வது ஒவ்வொன்றையும் தாங்க இந்த வீட்டில் ஏதோ ஒரு வரி இருந்தது. டெஸ் போனில் அழுதாள், "அப்பா, ஏதாவது பண்ணுப்பா," என்றாள். "கேட்டுட்டுதாம்மா இருக்கேன்," என்றான். அதைவிட வேறு எதுவும் செய்யக் கையில் இல்லை.

ட்ரினிட்டி வகுப்பில் அவன் மதிப்பெண்ணை எட்டிப் பார்த்து விசிலடித்தாள். "மிஸ்டர் லோவெல், 'ஏ' கிரேடு! பார்ட்டி எங்க?" அவன் முகத்தைப் பார்த்ததும் விசில் அடங்கியது. பையைத் துழாவி ஒரு அட்டைப்பெட்டி முட்டைகளை எடுத்து அவன் மேசையில் வைத்தாள். "ஒடைஞ்சது எதுவும் இல்ல, நானே பாத்து அடுக்கினது," என்றாள்.

மார்லிஸ் போன சனிக்கிழமை பனி இல்லை. வெறும் குளிர், கண்ணாடிபோல் வெளிச்சம். பெட்டிகளை அவன்தான் காரில் ஏற்றினான். டயரில் காற்று போதுமா என்று பார்த்தான், கண்ணாடி துடைக்கும் திரவத்தை நிரப்பினான். நிரப்பும்போது கை ஒரு கணம் நின்றது. பிறகு மூடியைத் திருகினான். கார் தெரு முனையில் திரும்பும் வரை கராஜின் உள்ளே நின்று பார்த்தான். கூப்பிட்டான்கூட, ஒருமுறை, "மார்ல்!" என்று. ஜன்னல்கள் ஏற்றியிருந்தன.

கராஜ் கதவைத் திறந்தே விட வேண்டும்போல இருந்தது. ஆனால் பின்சுவரில் தண்ணீர்க் குழாய் ஓடுகிறது, அரை மணியில் உறைந்து வெடிக்கும். அவன் இப்போது படிப்பதே அதைத்தானே. பொத்தானை அழுத்தினான். கதவு மெதுவாக இறங்கியது.

சமையலறையில் காபி இயந்திரம் வழக்கமான இடத்தில் இருந்தது. கிளம்பும் அவசரத்திலும் மார்லிஸ் அதில் தண்ணீர் நிரப்பி, வடிகட்டும் காகிதம் வைத்து, தூள் போட்டு வைத்திருந்தாள். தினமும் காலையில் அப்படித்தான் செய்வாள். அவன் வந்து பொத்தானை அழுத்தினால் போதும்.

லோவெல் அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். கை பழக்கத்தில் செய்ததா? இன்னும் கொஞ்சம் அன்பு மிச்சம் இருந்து செய்ததா? இனிமேல் உன் தண்ணீரை நீயே பார்த்துக்கொள் என்று கடைசியாக ஒருமுறை செய்ததா? மூன்றையும் அது தாங்கியது. கவிதையில்போல இதற்குப் பக்கத்தில் மூடாத கதவு, தடம் என்று எதுவும் இல்லை. கண்ணாடிக் குடுவை, கறுப்புத் தூள், தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கோடு. தண்ணீர் இருவருக்கான கோட்டில் நின்றதா, ஒருவருக்கான கோட்டிலா என்று குனிந்து பார்த்தான். இரண்டுக்கும் நடுவில் நின்றது.

போனை எடுத்து அவள் பெயரைத் திறந்தான். என்ன கேட்பது? நீ என்ன நினைத்து இதை வைத்தாய் என்றா? வைத்துவிட்டு எழுந்து பொத்தானை அழுத்தினான். இயந்திரம் கனைத்தது, சொட்டத் தொடங்கியது. இரண்டு கோப்பைகளை எடுத்தவன் ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தான். காபி எப்போதும்போலத்தான் இருந்தது.